வாங்குகிறவரே விற்கிறவராகவும் இருந்தால்: இரண்டு பாக்கியையும் எழுத்தில் நேர் செய்வது எப்படி

காரைக்குடியில் சிமெண்ட், ஆக்சைடு பொடி, வார்னிஷ் விற்கும் ஒரு கட்டடப் பொருள் கடை. பக்கத்து ஆத்தங்குடியில் தரை ஓடு வார்க்கும் ஒரு பட்டறை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஆக்சைடு கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றி வார்க்கிற ஓடு அது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சிமெண்டையும் பொடியையும் பட்டறை இந்தக் கடையில்தான் வாங்குகிறது. கடையோ பட்டறையின் ஓட்டை வாங்கி, வீடு புதுப்பிக்கிறவர்களுக்கு விற்கிறது. பட்டறை கடைக்குத் தர வேண்டும், கடையும் பட்டறைக்குத் தர வேண்டும். இரண்டு பக்கமும் முழுப் பணத்தையும் கைமாற்றுவதற்குப் பதிலாக, "கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்துவிடுகிறேன்" என்று பேசி முடிப்பது இங்கே சாதாரணம்.

பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதைக் கணக்கில் ஏற்றுகிற இடத்தில்தான் புதிதாகப் பெட்டியடியில் உட்காருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கடையையும் பட்டறையையும் உதாரணமாக வைத்துக்கொண்டு முதலிலிருந்து போவோம்.

பெயரில் இருக்கிற குழப்பம்

ஒரே ஆளின் இரண்டு பாக்கிகளை ஒன்றுக்கொன்று கழிக்கிற பதிவை எதிர்ப்பதிவு, கான்ட்ரா என்று சொல்வார்கள். ஆனால் பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு எதிர்ப்பதிவு என்றதும் நினைவுக்கு வருவது ரொக்க ஏடு. ரொக்கத்தை வங்கியில் கட்டினாலும் வங்கியிலிருந்து எடுத்தாலும் ஏட்டின் இரண்டு பக்கமும் விழுகிற பதிவு அது. டேலியில் `F4` அழுத்தினால் வருகிற `Contra` வவுச்சரும் அதற்குத்தான். அங்கே ரொக்கக் கணக்கும் வங்கிக் கணக்கும்தான் எழுத வரும், பட்டறையின் பெயரைத் தேடினால் பட்டியலில் இருக்காது. நாம் செய்யப்போகிற வேலைக்கு `F7`, அதாவது `Journal` வவுச்சர். கையால் எழுதுகிறவர்களுக்கு உரிய குறிப்பேடு.

இது தெரியாமல் நான் முதல் வருஷம் ஒரு தப்பு செய்தேன். `Contra`வில் பெயர் வரவில்லை. அதனால் பட்டறையிடமிருந்து 81,200 ரூபாய் ரொக்கம் வந்ததாக ஒரு ரசீதும், அதே நாளில் அதே தொகையை ரொக்கமாகக் கொடுத்ததாக ஒரு வவுச்சரும் போட்டேன். பாக்கி என்னவோ சரியாகக் கழிந்துவிட்டது. ஆனால் வராத பணம் வந்ததாகவும், கொடுக்காத பணம் கொடுத்ததாகவும் ரொக்க ஏட்டில் நின்றது. ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாக ஏற்கமாட்டார்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அது தனியாக அபராதத்துக்குரிய விஷயம். இல்லாத ஒரு ரொக்கக் கொடுப்பை நானே எழுதி, முதலாளியைச் சிக்கலில் விடப் பார்த்தேன். தணிக்கையாளர் கண்டுபிடித்து இரண்டையும் எடுக்கச் சொன்னார். பணம் கைமாறாத இடத்தில் ரொக்க ஏட்டைத் தொடக்கூடாது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

முதலில் ஆள் ஒன்றா என்று பாருங்கள்

செட்டிநாட்டுப் பக்கம் இதுதான் மிக முக்கியம். ஒரே குடும்பம், ஒரே வாசல், ஆனால் தொழில் மூன்று பெயரில் இருக்கும். ஓட்டுப் பட்டறை அப்பா பெயரில் இருக்கும். கட்டட ஒப்பந்த வேலையை மகன் தன் பெயரில் எடுத்துச் செய்வார். சிமெண்டு மகன் பெயரில் போயிருக்கும், ஓடு அப்பா பெயரில் வந்திருக்கும். ஊருக்கு அவர்கள் ஒரு வீடு. கணக்குக்கு இரண்டு ஆள். மகன் தர வேண்டியதை அப்பாவுக்குத் தர வேண்டியதில் நாமாகக் கழிக்க முடியாது.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நாம் கொடுத்த பில்லில் இருக்கிற அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணையும், அவர்கள் கொடுத்த பில்லில் இருக்கிற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினைந்து இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். அந்தப் பத்தும் இரண்டு பில்லிலும் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்று. ஒரு எழுத்து மாறினாலும் ஆள் வேறு. ஆள் வேறாக இருந்து, அப்படியும் கழிக்க வேண்டுமென்று எல்லோரும் விரும்பினால், அப்பா, மகன், கடை மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் வேண்டும். "என் மகன் தர வேண்டிய இவ்வளவை எனக்கு வர வேண்டியதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று அப்பா எழுதித் தர வேண்டும். அப்புறம் அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே அது ஒரு கடனாக அவர்கள் கணக்கிலும் ஏற வேண்டும். அந்த அளவுக்குப் போவதற்குத் தணிக்கையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் பட்டறை ஒரே ஆளின் பெயரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

டேலியில் அந்த ஒரே ஆளுக்கு இரண்டு பேரேட்டுக் கணக்கு திறப்பது என் பழக்கம். நமக்குத் தர வேண்டிய கணக்கு `Sundry Debtors` கீழே, நாம் தர வேண்டிய கணக்கு `Sundry Creditors` கீழே. ஒரே கணக்கில் விற்பனையையும் கொள்முதலையும் போட டேலி தடுக்காது, பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படிப் போட்டால், யாரும் ஒப்புக்கொள்வதற்கு முன்னாலேயே இரண்டும் தானாகக் கழிந்து மிச்சம் மட்டும் தெரியும். பட்டறை எவ்வளவு தர வேண்டும், நாம் எவ்வளவு தர வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டால் பில்லைத் தோண்டத்தான் வேண்டும். இரண்டு கணக்கிலும் `Maintain balances bill-by-bill` என்பதை `Yes` என்று வைத்துவிடுங்கள். இது பின்னால் உதவும்.

இரண்டு புத்தகத்தையும் ஒத்துப் பார்ப்பது

செப்டம்பர் கடைசியில் கடையின் கணக்கு இப்படி நின்றது. எல்லாத் தொகையும் வரியோடு சேர்த்து.

பட்டறைக்கு நாம் விற்றது மூன்று பில். 112-ஆம் எண் பில் 48,200, 131-ஆம் எண் 36,500, 149-ஆம் எண் 29,800. மொத்தம் 1,14,500 ரூபாய் நமக்கு வர வேண்டும். பட்டறையிடம் நாம் ஓடு வாங்கியது இரண்டு பில். அவர்களுடைய 27-ஆம் எண் 52,000, 33-ஆம் எண் 31,600. மொத்தம் 83,600. இரண்டாவது சுமையில் உடைந்த ஓடுகளுக்கு 2,400 கழித்து, 81,200 தர வேண்டும் என்று நாம் வைத்திருந்தோம். அப்படியானால் மிச்சம் 33,300 பட்டறை தர வேண்டும்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனால், பட்டறைக்காரர் தன் நோட்டைப் பார்த்து 29,700 என்றார். 3,600 ரூபாய் வித்தியாசம்.

திண்ணையில் இரண்டு நோட்டையும் விரித்து, பில் பில்லாக டிக் அடித்துக்கொண்டே வந்தோம். வெறும் மொத்தத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இது விளங்காது, சாயந்தரம் வரை பேசலாம். 112 ஒத்துப்போனது. 131 நம்மிடம் 36,500, அவரிடம் 35,300. பில்லை எடுத்துப் பார்த்தபோது வண்டிக் கூலி 1,200 கடைசி வரியில் இருந்தது. "அது உங்க வண்டின்னு நெனச்சு விட்டுட்டேன் தம்பி" என்றவர், பில்லில் இருப்பதைப் பார்த்ததும் தன் நோட்டைத் திருத்திக்கொண்டார். மீதி 2,400 உடைந்த ஓடு. நாம் நம் பக்கம் கழித்துவிட்டோம், அவருக்கு அது எழுத்தில் போகவேயில்லை. வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இந்த 2,400-ஐ அப்படியே விட்டு மேலே போகக்கூடாது. ஜிஎஸ்டியில் விற்றவர்தான் கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும். வாங்கின நாம் நம் புத்தகத்தில் மட்டும் குறைத்துக்கொண்டால் அவர் கட்டிய வரியும் நாம் எடுத்த வரி வரவும் ஒத்துப்போகாது. அவர் 33-ஆம் எண் பில்லைக் குறிப்பிட்டு 2,400-க்கு கிரெடிட் நோட் போட்டுக்கொடுத்தார். இப்போது இரண்டு புத்தகத்திலும் ஒரு பக்கம் 1,14,500, மறுபக்கம் 81,200. ஒத்துப்போகாத பில் ஏதாவது மிஞ்சினால் அதை ஒதுக்கி வையுங்கள். தகராறில் இருக்கிற தொகையைக் கழிப்பில் சேர்த்துவிட்டால், பிற்பாடு தகராறு தீரும்போது முழுப் பதிவையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஒப்புதல் கடிதம்

பதிவுக்கு ஆதாரம் இந்தக் கடிதம்தான். வங்கிச் சலானோ ரசீதோ இங்கே கிடையாது, அதனால் இது இல்லாவிட்டால் அந்தப் பதிவு நாமாக எழுதிக்கொண்டது என்றாகிவிடும். அரைப் பக்கம் போதும். நான் இப்படி எழுதுவேன்:

"30 செப்டம்பர் அன்றைய நிலவரப்படி, பட்டறை கடைக்குத் தர வேண்டியது ரூ. 1,14,500 (பில் எண்கள் 112, 131, 149). கடை பட்டறைக்குத் தர வேண்டியது ரூ. 81,200 (பில் எண்கள் 27, 33, கிரெடிட் நோட் ரூ. 2,400 போக). இவற்றில் ரூ. 81,200-ஐ இன்றைய தேதியில் ஒன்றுக்கொன்று நேர் செய்துகொள்ள இரு தரப்பும் சம்மதிக்கிறோம். பணம் ஏதும் கைமாறவில்லை. மீதி ரூ. 33,300-ஐ பட்டறை 15 அக்டோபருக்குள் வங்கி வழியாகச் செலுத்தும்."

கீழே இரண்டு தரப்பின் ஜிஎஸ்டி எண், கையெழுத்து, முத்திரை. கையெழுத்து முதலாளியோ பங்குதாரரோ போட வேண்டும், கணக்கு எழுதுகிற நாம் போடக்கூடாது. இரண்டு பிரதி, ஆளுக்கு ஒன்று. கையெழுத்துப் போடுகிற தேதியை விட்டு வேறு தேதி போடச் சொல்லி யாராவது கேட்டால் சம்மதிக்காதீர்கள். ஒருவர் மார்ச் 31-இலும் மற்றவர் ஏப்ரலிலும் பதிந்தால் வருஷக் கடைசி ஐந்தொகையில் இருவருடைய பாக்கியும் வேறு வேறாக நிற்கும். கடிதத்தின் தேதிதான் இரண்டு புத்தகத்திலும் பதிவின் தேதி.

பதிவு

கழிக்கிற தொகை எப்போதும் இரண்டில் சின்னது. இங்கே 81,200. கடையின் புத்தகத்தில்:

```
பட்டறை (நாம் தர வேண்டியது) க/கு   ப   81,200
    பட்டறை (நமக்கு வர வேண்டியது) க/கு   வ   81,200
```

ஏன் இந்தத் திசை? நாம் தர வேண்டிய கணக்கு வரவு இருப்பில் நிற்கிறது, அதைக் குறைக்கப் பற்று வைக்க வேண்டும். நமக்கு வர வேண்டிய கணக்கு பற்று இருப்பில் நிற்கிறது, அதைக் குறைக்க வரவு வைக்க வேண்டும்.

பட்டறைக்காரர் கணக்கு எழுதும்போது "உங்களுக்குப் பற்று என்றால் எனக்கு வரவுதானே?" என்று கேட்பார். இந்தப் பதிவில் அப்படியில்லை. அவர் புத்தகத்திலும் "கடைக்கு நான் தர வேண்டியது" பற்று, "கடை எனக்குத் தர வேண்டியது" வரவு. இருவரும் தாங்கள் தர வேண்டியதையும் தங்களுக்கு வர வேண்டியதையும் ஒரே அளவு குறைக்கிறார்கள், அதனால் பதிவின் வடிவம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

திசை மாறிப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வர வேண்டியது 1,14,500-லிருந்து 1,95,700 ஆகும். தர வேண்டியது 81,200-லிருந்து 1,62,400 ஆகும். இரண்டுக்கும் வித்தியாசம் எடுத்தால் அப்போதும் அதே 33,300! இருப்பாய்வும் சரியாகத்தான் கூடும். அதனால் நிகரத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். பதிவு போட்டதும் இரண்டு கணக்கையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். சின்ன பாக்கி பூஜ்யமாகியிருக்க வேண்டும், பெரிய பாக்கி குறைந்திருக்க வேண்டும். ஏதாவது ஒன்று ஏறியிருந்தால் பதிவு தலைகீழ்.

விளக்கக் குறிப்பில் "கணக்கு நேர் செய்தது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்தத் தேதிக் கடிதம், எந்தெந்த பில், பணம் கைமாறவில்லை என்ற மூன்றும் இருந்தால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் பார்த்தாலும் புரியும். கடிதத்தை அந்த வவுச்சரோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

எந்த பில்லுக்கு எவ்வளவு

தொகையைப் போட்டதும் டேலி பில் விவரம் கேட்கும். அவசரத்தில் `On Account` என்று கொடுத்துவிட்டால் கணக்கின் மொத்தம் சரியாக இருக்கும், ஆனால் `Outstandings` அறிக்கையில் எல்லா பில்லும் தீராமல் அப்படியே தொங்கும். பட்டறைக்கு ஏற்கனவே தீர்ந்த பில்லுக்கு நாம் பாக்கி கேட்டுப் போன் செய்வோம், வீண் மனக்கசப்பு. `Agst Ref` கொடுத்து பில் எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

நாம் தர வேண்டிய பக்கம் 27-க்கு 52,000, 33-க்கு 29,200 (கிரெடிட் நோட்டை அந்த பில்லோடு முன்பே இணைத்திருந்தால் அங்கே இவ்வளவுதான் காட்டும்). நமக்கு வர வேண்டிய பக்கம் பழையதிலிருந்து தொடங்கி 112-க்கு முழு 48,200, 131-க்கு 33,000. மிஞ்சுவது 131-இல் 3,500, 149-இல் 29,800. கூட்டினால் 33,300. கடிதத்தில் எழுதின மீதியும் இதுவும் ஒன்றாக வந்தால் வேலை சரி.

வரி இதில் எங்கே வருகிறது

நேர் செய்வது பணம் கொடுக்கிற முறை மட்டுமே. விற்பனையையோ கொள்முதலையோ அது குறைக்காது. நாம் 1,14,500-க்கு விற்றோம், அதற்கு முழு பில், முழு ஜிஎஸ்டி, ரிட்டர்னிலும் முழுத் தொகை. அவர்களும் அப்படியே. "கழிக்கப்போகிறோமே, வித்தியாசத்துக்கு மட்டும் பில் போடலாமே" என்று சில முதலாளிகள் கேட்பார்கள். போடவே கூடாது, அது விற்பனையை மறைத்ததாகிவிடும். நேர் செய்த குறிப்பேட்டுப் பதிவு எந்த ஜிஎஸ்டி ரிட்டர்னிலும் போகாது, லாப நட்டத்திலும் ஒரு ரூபாய் மாறாது. மாறியிருந்தால் தவறான கணக்கைத் தொட்டிருக்கிறீர்கள்.

கவனிக்க வேண்டியது 180 நாள் விதி. வாங்கின பில்லுக்கு, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் வரியோடு சேர்த்துப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். "எப்படியும் கழிக்கப்போகிறோம்" என்று ஒரு வருஷம் சும்மா வைத்திருந்தால் இந்த விதி வந்து பிடிக்கும். கழித்துக்கொள்வதும் பணம் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று மேற்கு வங்கத்தின் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம் 2019-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட தீர்ப்பு கேட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்றாலும், வாதத்துக்கு அது பலம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒத்துப் பார்த்து நேர் செய்துவிடுவது நல்லது. தேதியோடு கூடிய அந்தக் கடிதம் இங்கேயும் கைகொடுக்கும்.

பட்டறை ஓடு விற்பதோடு நிறுத்தாமல், ஓடு பதிக்கிற கூலி வேலைக்கும் பில் கொடுத்திருந்தால், அதில் டிடிஎஸ் பிடிக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பணமாகக் கொடுக்கவில்லை என்பதால் டிடிஎஸ் இல்லாமல் போகாது. பிடித்த தொகை போக மிச்சம்தான் கழிப்புக்கு வரும்.

பதிவு போட்ட பிறகு சரக்கு திரும்பினால்

அக்டோபர் முதல் வாரத்தில் பட்டறை 131-ஆம் எண் பில்லில் வந்த பொடியில் 1,800 ரூபாய்க்கு நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே செப்டம்பர் 30 பதிவைத் திறந்து 81,200-ஐத் திருத்தத் தோன்றும். அதைத் தொடாதீர்கள், அது இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட தொகை. திரும்பின சரக்குக்கு அக்டோபர் தேதியில் நாம் ஒரு கிரெடிட் நோட் போட்டு, 131-இல் மீதியிருக்கிற 3,500-ஓடு இணைத்தால் போதும். அந்த பில்லில் 1,700 நிற்கும், மொத்த பாக்கி 31,500 ஆகும். 15-ஆம் தேதி வங்கியில் அந்தத் தொகை வந்ததும் `F6` ரசீதில் 131-க்கு 1,700, 149-க்கு 29,800 என்று பிரித்துப் போட்டால் இரண்டு கணக்கும் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.